கன்று போட்ட 24ஆம் நாள் வலிப்பு வந்து விழுந்த பசு: பால் காய்ச்சலா, புல் டெட்டனியா?

வெண்ணாற்றுக்கரை (சனி, இரவு 10:40)

மன்னார்குடிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். இன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.

ஜெர்சி கலப்பு, நாலாவது ஈற்று, கன்று போட்டு 24 நாள். இரண்டு வேளையும் சேர்த்து 12 லிட்டர் கறக்கிறது. ஒரு வாரமாக விடாத மழை. வைக்கோல் போர் நனைந்து உள்ளே பூசணம் பிடித்துவிட்டது. தவிடும் புண்ணாக்கும் தீர்ந்து நாலு நாளாகிறது, தண்ணீர் நின்றதால் கடைக்கு வண்டி போகவில்லை. அதனால் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கோ-4 புல்லை மட்டும் அறுத்துப் போட்டேன். போன அறுப்பு முடிந்ததும் யூரியா போட்டது. 25 நாளிலேயே இடுப்புயரம் வந்து, கையால் கிள்ளினால் தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருந்தது. மாடும் ஆசையாகத் தின்றது.

இன்று காலை ஆறரைக்குக் கறக்க உட்கார்ந்தேன். காது இரண்டும் குத்திட்டு நின்றது. கண் இமை படபடவென்று அடித்துக்கொண்டது, தோள்பட்டைத் தோல் ஈ மொய்த்தால் சிலிர்க்குமே அந்த மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது. ஈ ஒன்றும் இல்லை. என் மனைவி வாளியைக் கீழே வைத்த சத்தத்துக்கு ஒரு துள்ளு துள்ளிக் கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடியது. கால் மடங்கவே இல்லை, மரக்காலில் ஓடுகிற மாதிரி ஓட்டம். வரப்புத் தாண்டும்போது விழுந்தது. தலை பின்னால் வளைந்து, நாலு காலும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடித்தது. வாயில் நுரை, பல்லைக் கடிக்கிற சத்தம். ஒரு முழம் தள்ளி நின்றும் இதயம் அடிப்பது காதில் விழுந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

டாக்டர் வெளியூரில் இருந்தார், வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஊரில் ஊசி போடுகிறவர் வந்து, பால் காய்ச்சல் என்று சொல்லி கால்சியம் பாட்டிலில் பாதியை நரம்பில் ஏற்றினார். துடிப்பு லேசாகக் குறைந்தது, நிற்கவில்லை. டாக்டர் வந்து கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த பாட்டிலை மெதுவாக ஏற்றி, அப்புறம் இன்னொரு மருந்தைத் தோலுக்கடியில் இரண்டு பக்கமும் போட்டார். முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தது, பதினோரு மணிக்கு நின்றது. புல் டெட்டனி மாதிரி தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி எட்டரைக்கு மறுபடி இமைத் துடிப்பும் நடுக்கமும். போன் பண்ணினேன், அவரே திரும்பி வந்து தோலுக்கடியில் இன்னொரு தடவை போட்டார். இப்போது அமைதியாக இருக்கிறது.

என் கேள்வி இதுதான்: ஒருமுறை சரியானது ஏன் திரும்பி வந்தது? உண்மையிலேயே புல்தான் காரணமா?

---

சந்தைக்காரன் (சனி, இரவு 11:15)

தம்பி, இது பால் காய்ச்சல்தான். கன்று போட்ட மாடு, நாலாவது ஈற்று, கறவை அதிகம், எல்லாம் பொருந்துகிறது. கால்சியம் ஏற்றியதும் துடிப்பு குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழு பாட்டிலையும் ஏற்றியிருந்தால் அப்போதே எழுந்திருக்கும். நான் இருபது வருஷமாக மாடு வாங்கி விற்கிறேன், பேர் மாற்றிச் சொல்வார்கள், நோய் ஒன்றுதான்.

---

தென்னந்தோப்பு (சனி, இரவு 11:32)

டெட்டனி என்றால் ஆணி குத்தினால் வருமே, அதுதானே? கன்று போட்டபோது உறுப்புக் கிழிந்து புண் ஏதாவது ஆனதா? எங்கள் ஆட்டுக்கு விதை நசுக்கிய இடத்தில் புண்ணாகி இப்படித்தான் விறைத்துப் போனது. முதலில் டி.டி. ஊசி போடச் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, காலை 5:50)

முதலில் தோப்புக்காரருக்கு. நீங்கள் சொல்வது டெட்டனஸ், பெயர்தான் ஒட்டிவருகிறது. அது நாள்கணக்கில் இறுகும். மாடு மரக்குதிரை போல நிற்கும், வாய் திறக்காது, வால் விறைக்கும். காலையில் ஓடி, அரை மணியில் விழுந்து, பதினோரு மணிக்கு எழுந்து நிற்பது டெட்டனஸில் நடக்காது.

இப்போது சந்தைக்காரர் அண்ணனுக்கு. நீங்கள் சொல்வதில் பாதி சரி. பால் காய்ச்சல் என்பது ரத்தத்தில் கால்சியம் இறங்குவது, புல் டெட்டனி என்பது மக்னீசியம் இறங்குவது. மக்னீசியம் இறங்கிய மாட்டில் பெரும்பாலும் கால்சியமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதனால்தான் கால்சியம் ஏற்றினால் சிறிது அடங்குகிறது. ஆனால் பால் காய்ச்சல் மாடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் வரும். காது தொங்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுத் தூங்குகிற மாதிரி கிடக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்தாலும் இதயச் சத்தம் மெல்லத்தான் கேட்கும். இங்கே எல்லாம் தலைகீழ். 24ஆம் நாள், காது குத்திட்டிருக்கிறது, வாளிச் சத்தத்துக்குத் துள்ளுகிறது, இதயம் ஒரு முழத்துக்கு அப்பால் கேட்கிறது. அந்த இதயச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

திரும்பி வந்ததற்குக் காரணம் இது. மாட்டுக்கு மக்னீசியத்தைச் சேமித்து வைத்து எடுத்துக்கொள்ளும் வழி கிடையாது. எலும்பில் நிறையவே இருக்கிறது, ஆனால் வயதான மாட்டுக்கு அது அவசரத்துக்குக் கை கொடுக்காது. அன்றாடம் தின்பதில் இருந்து அன்றாடம் எடுத்தாக வேண்டும். நரம்பில் ஏற்றிய மருந்து சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். தோலுக்கடியில் போட்டது இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், ஒரு நாள் வரை என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் மாட்டுக்கு மாடு வேறுபடும். உங்கள் டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு நீங்கள் என்ன தீனி போட்டீர்கள்?

---

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு, காலை 6:20)

வேறு வழியில்லை டாக்டர், அதே புல்தான். பசியோடு நிற்கிறதே என்று மத்தியானம் ஒரு கட்டு அதிகமாகவே போட்டேன்.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, காலை 6:55)

அதுதான் விஷயம். சரி, ஒரு கணக்குப் போடுவோம்.

12 லிட்டர் பாலில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் மக்னீசியம் வெளியே போகிறது. ஒன்றரை கிராம்தானே என்று தோன்றும். பசு ஒரு நாளைக்கு 40 கிலோ பச்சைப்புல் தின்றது என்று வையுங்கள். இளம்புல்லில் தண்ணீர் போக மிஞ்சுவது ஆறு கிலோவுக்குப் பக்கம். அதில் மக்னீசியம் 0.15 சதவீதம் என்றால் 9 கிராம் உள்ளே போகிறது. 0.2 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே ஆபத்துப் புல் என்பார்கள். அந்த 9 கிராமும் ரத்தத்தில் சேராது. இப்படிப்பட்ட புல்லில் பத்தில் ஒரு பங்குதான் சேரும், அதாவது ஒரு கிராம்கூட இல்லை. பாலில் போவது ஒன்றரை, உள்ளே சேர்வது ஒன்றுக்கும் கீழே, உடம்பின் சொந்தச் செலவு வேறு. இந்தத் துண்டு சில நாளில் மாட்டைக் கீழே தள்ளிவிடும்.

ஏன் பத்தில் ஒரு பங்கு? வளர்ந்த மாட்டுக்கு மக்னீசியம் உள்ளே போகிற முக்கிய இடம் அசைபோடும் பெரிய வயிற்றின் சுவர். புல்லில் பொட்டாசியம் அதிகமானால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும். உப்பு, அதாவது சோடியம், குறைந்தாலும் அப்படியே, ஏனென்றால் சோடியம் கிடைக்காத மாட்டின் உமிழ்நீரிலேயே பொட்டாசியம் ஏறிவிடுகிறது. யூரியா போட்ட இளம்புல்லில் வயிற்றுக்குள் அம்மோனியா பெருகும், அதுவும் தடுக்கும். ஆக, உங்கள் புல்லில் மக்னீசியம் குறைவு என்பதோடு கதை முடியவில்லை. இருப்பதை உள்ளே விடாத புல் அது.

தவிடு நின்றதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்து மாடுகளுக்கு இந்த நோய் அரிதாக வருவதற்குத் தவிடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நெல் தவிட்டில் மக்னீசியம் தாராளமாக இருக்கிறது. குளிர்ந்த மழையும் அரைப்பட்டினியும் சேர்ந்தால் ரத்த அளவு இன்னும் இறங்கும். உங்கள் கொட்டகையில் எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். கொட்டகை கழுவும் தண்ணீர் எங்கே போகிறது?

---

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு, காலை 7:10)

நேரே அந்தப் புல்லுக்குத்தான். சாணித் தண்ணீர், மூத்திரம் எல்லாம் சேர்ந்து கால்வாய் கட்டி விட்டிருக்கிறேன். அடுப்புச் சாம்பலையும் அங்கேதான் கொட்டுவோம். அதனால்தான் கறுகறுவென்று வளர்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, காலை 7:30)

மாட்டு மூத்திரமும் விறகுச் சாம்பலும் பொட்டாசியம் நிறைந்த பொட்டாஷ் மூட்டைக்குச் சமம். இதற்கு மேல் யூரியா. ஒரே மூலையில் வருஷக்கணக்காக விழுந்திருக்கிறது.

கால்வாயை இரண்டாகப் பிரித்துத் தென்னைக்கும் வாழைக்கும் விடுங்கள். மாட்டுக்கு இன்றே நனையாத வைக்கோல் எங்காவது வாங்கிப் பாதி வயிற்றை நிரப்புங்கள். வைக்கோலில் மக்னீசியம் இருக்கிறது என்பதற்காக இல்லை, இந்தப் புல்லைக் குறைப்பதற்கு.

---

பிரசவ வார்டு (ஞாயிறு, காலை 9:05)

நான் நர்ஸ், மாடு வளர்ப்பது அப்பா. நீங்கள் சொல்லும் மக்னீசியத்தைத்தான், மக்னீசியம் சல்பேட்டாக, எங்கள் வார்டில் கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வந்தால் போடுகிறோம். அதிகமானால் மூச்சு நின்றுவிடும், அதனால் முழங்கால் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணித்தான் அடுத்த டோஸ். கூடவே கால்சியம் குளுக்கோனேட் தயாராக இருக்கும், அதுதான் மாற்று மருந்து. மாட்டுக்கும் நரம்பில் போடுவார்களா?

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, காலை 10:20)

நல்ல கேள்வி அம்மா. தனி மக்னீசியம் சல்பேட்டை நரம்பில் வேகமாக விட்டால் மாட்டுக்கும் மூச்சு நிற்கும், இதயமும் நிற்கும். அதனால் நாங்கள் நரம்பில் போடுவது கால்சியமும் மக்னீசியமும் கலந்த பாட்டில் மட்டும், பெரிய மாட்டுக்கு 400 முதல் 500 மில்லி. பத்து நிமிஷத்துக்குக் குறையாமல், இதயத்தைக் கேட்டுக்கொண்டே விடுவோம். அடி தப்பினால் நிறுத்திவிடுவோம். பாட்டிலைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொள்வதும் நல்லது. அது முடிந்ததும் 25 சதவீத மக்னீசியம் சல்பேட் கரைசல் 200 மில்லி தோலுக்கடியில், ஒரே இடத்தில் போடாமல் நாலைந்து இடத்தில் பிரித்து, பிறகு தேய்த்துவிட வேண்டும். மேல்நாட்டுப் பெரிய பசுக்களுக்கு 400 மில்லி வரை போடுகிறவர்கள் உண்டு. உதை பலமாக இருந்து நரம்பைப் பிடிக்கவே முடியாவிட்டால் முதலில் மயக்க மருந்து. இல்லாவிட்டால் ஊசி குத்தும் வலிக்கே இன்னொரு வலிப்பு வந்து அங்கேயே போய்விடும். என் கையிலேயே அப்படி ஒன்று போயிருக்கிறது. ஊசி நரம்பில்தான் இருந்தது, நான்கு பேர் மாட்டை அமுக்கிக்கொண்டு கத்தினார்கள், அந்தச் சத்தம் போதுமாக இருந்தது.

அந்தப் பாதிக் கால்சியம் பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துடித்துக்கொண்டிருக்கிற மாட்டின் இதயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதில் கால்சியத்தை வேகமாக ஏற்றினால் மாடு கையோடு போகும். உங்கள் மாடு தப்பியது.

---

வாழைக்கொல்லை (ஞாயிறு, காலை 11:00)

உரக்கடையில் மக்னீசியம் சல்பேட் மூட்டையாக இருக்கிறதே, வாழைக்குப் போடுவது. அதைக் காய்ச்சி வடிகட்டித் தோலுக்கடியில் போட்டால் என்ன? டாக்டர் வருவதற்குள் மாடு செத்துப்போகிறது, அதைவிட இது மேல் இல்லையா?

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, காலை 11:25)

வேண்டாம். உரத் தரத்தில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வடிகட்டினால் அது போகாது. போட்ட இடமெல்லாம் சீழ் வைக்கும்.

டாக்டர் வர நேரமாகும் என்றால் ஆசனவாய் வழியாகக் கொடுக்கலாம். அதற்கு மருந்துக்கடை எப்சம் உப்பு, நாம் பேதி உப்பு என்போமே அது. 60 கிராம் எடுத்து 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, எண்ணெய் தடவிய மெல்லிய குழாயை உள்ளே விட்டு மெதுவாக ஊற்றி, வாலை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். குடல் வழியாகச் சுமார் கால் மணி நேரத்தில் ரத்தத்துக்கு ஏற ஆரம்பிக்கும். மாடு அடக்கிக்கொள்ளாமல் வெளியே பீய்ச்சிவிட்டால் பயனில்லை, அப்படியும் நடக்கும். டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வாய் வழியாக மட்டும் எதுவும் ஊற்றாதீர்கள். துடிக்கிற மாட்டுக்கு விழுங்கும் வசம் இருக்காது, ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். மோர், விளக்கெண்ணெய், வெற்றிலைச் சாறு எதுவும் கூடாது.

---

நாகைக்காரி (ஞாயிறு, மத்தியானம் 12:40)

யாரும் சொல்லவில்லையே என்று சொல்கிறேன். நுரை தள்ளிச் சத்தத்துக்கு மிரள்கிற மாட்டைப் பார்த்ததும் எங்கள் தெருவில் தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது என்று ஒருவர் வாய்க்குள் கையை விட்டார். அது வெறிநோய். அவருக்கும் இன்னும் ஆறு பேருக்கும் தடுப்பூசி போட வேண்டியதாயிற்று. எந்த நோய் என்று தெரியாதவரை வாயில் கை வைக்காதீர்கள்.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, மத்தியானம் 1:15)

ரொம்பச் சரி. இந்தப் பருவத்தில் சம்பாவுக்குப் பூச்சிமருந்து அடித்த வரப்பில் மேய்ந்த மாடும் துடித்து நுரை தள்ளும். ஆனால் அதில் எச்சில் கயிறாக ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், பேதி போகும். டாக்டர் வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது மாடு எங்கே மேய்ந்தது, என்ன தின்றது, கன்று போட்டு எத்தனை நாள் என்பதுதான். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு போன் செய்யும்போதும் இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

---

கிடைக்காரன் மகன் (ஞாயிறு, மத்தியானம் 3:30)

நாங்கள் இராமநாதபுரம். தை, மாசியில் செம்மறிக் கிடையோடு தஞ்சாவூர்ப் பக்கம் வருவோம். போன மாசியில் ஒரத்தநாடு போகும் வழியில் அறுத்த வயலில் மறுதாம்பு தளதளவென்று வந்திருந்தது. வயல்காரர் மேயவிட்டார், கிடை போட்டோம். மூன்றாம் நாள் விடியலில் நாலு தாய் ஆடு செத்துக் கிடந்தது. கால் அடித்து அடித்து மண்ணில் குழி பறித்திருந்தது. ஐந்தாவது ஆடு எங்கள் கண் எதிரே தள்ளாடி, உதடு துடித்து, விழுந்து அரை மணியில் போனது. துள்ளுமாரி என்று அப்பா சொன்னார். ஆனால் அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். புல்லும் இல்லை, நெல்தாம்புதான். இதுவும் அதுதானா?

---

சந்தைக்காரன் (ஞாயிறு, மாலை 4:00)

ஆடு துள்ளிச் செத்தால் துள்ளுமாரி. தடுப்பூசி பனிக்கட்டியில் வராமல் கெட்டுப்போயிருக்கும். இதில் கேள்வியே இல்லை.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, மாலை 5:10)

கிடைக்காரத் தம்பி, செத்த தாய் ஆடுகள் குட்டி போட்டு எத்தனை நாள்? இரட்டைக் குட்டியா? குட்டிகள் என்ன ஆயின?

---

கிடைக்காரன் மகன் (ஞாயிறு, மாலை 5:45)

இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஐந்தில் மூன்றுக்கு இரட்டை. குட்டி ஒன்றும் சாகவில்லை, மற்ற ஆட்டிடம் ஊட்டவிட்டு வளர்த்தோம். கிடாய்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, மாலை 6:20)

அப்படியானால் நான் மக்னீசியம் பக்கம் சாய்கிறேன். துள்ளுமாரி முதலில் தூக்குவது நன்றாகக் கொழுத்து வளர்கிற குட்டிகளை. உங்கள் மந்தையில் குட்டியைத் தொடாமல், பால் சுரக்கிற தாயை மட்டும், அதிலும் இரட்டைக்காரிகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறது. செம்மறிக்கு இது வருவது குட்டி போட்ட முதல் நாலு வாரத்தில்தான். யூரியா தின்ற நெல்லின் மறுதாம்பும் புல்தானே தம்பி, பேர்தான் நெல்.

ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பக்கத்து உளுந்தில் மருந்து அடித்திருக்கலாம், நீங்கள் பார்த்திருக்க முடியாது. அடுத்த முறை செத்த ஆட்டைப் புதைக்கும் முன் டாக்டரைக் கூப்பிட்டுக் கண்ணில் இருக்கும் நீரை ஊசியில் எடுக்கச் சொல்லுங்கள். செத்த பிறகு ரத்தத்தில் பார்ப்பது தப்பாகக் காட்டும். கண்ணுக்குள் இருக்கும் நீரில் மக்னீசிய அளவு ஒரு நாளாவது நம்பத்தகுந்தபடி நிற்கும்.

உயிரோடு துடிக்கிற ஆட்டுக்கு மாட்டின் பாட்டில் அளவில் பத்தில் ஒன்று, அதாவது கலந்த மருந்து 50 மில்லி, மெதுவாக. தோலுக்கடியில் போடுவதை டாக்டர் எடை பார்த்து முடிவு செய்யட்டும். மற்ற தாய் ஆடுகளை உடனே அந்த வயலைவிட்டு ஓட்டிவிட வேண்டும். துடிக்கிற ஆட்டை மட்டும் கவனித்துக்கொண்டு மந்தையை அங்கேயே விட்டால் மறுநாள் காலை இன்னும் சில விழும்.

---

பாசன வாய்க்கால் (ஞாயிறு, இரவு 8:00)

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முப்பது வருஷமாக யூரியா போட்ட புல்லைத்தான் என் மாடுகள் தின்கின்றன. ஒன்றுகூட இப்படி விழவில்லை. டெல்டாவில் எல்லாரும் இதைத்தானே செய்கிறார்கள்? இது குளிர் நாட்டு நோய், நியூசிலாந்து, இங்கிலாந்து என்று படித்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை செய்தீர்களா?

---

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு, இரவு 8:25)

செய்யவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (ஞாயிறு, இரவு 9:00)

வாய்க்கால்காரர் கேட்பது நியாயம். குளிர் நாட்டில்தான் இது அதிகம், என் சர்வீசில் நான் பார்த்ததும் விரல்விட்டு எண்ணக்கூடியது. எல்லாம் ஐப்பசி முதல் மார்கழிக்குள், எல்லாம் அடைமழைக்குப் பிறகு. உங்கள் மாடுகளுக்குத் தவிடும் புண்ணாக்கும் நின்றதே இல்லை என்று நினைக்கிறேன். எட்டு லிட்டருக்குக் கீழே கறப்பதும், இளம் ஈற்றும் இந்த மக்னீசியப் பற்றாக்குறையைத் தாங்கிக்கொள்ளும். ஒரே கொட்டகையில் ஒரே புல் தின்று ஒன்று விழும், பக்கத்தில் நிற்பது விழாது.

கலந்த பாட்டில் போட்டு மாடு எழுந்ததை வைத்து மட்டும் மக்னீசியம் என்று சொல்ல முடியாது என்பதும் உண்மை, அந்த பாட்டில் இரண்டுக்கும் மருந்து. நான் அடையாளங்களை வைத்துச் சொல்கிறேன். ஊசி போட்ட மாட்டில் இப்போது ரத்தம் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. ஆனால் உங்களிடம் வேறு கறவை இருந்தால் அதில் எடுக்கலாம், அதே புல்தானே தின்றிருக்கும்.

---

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு, இரவு 9:20)

இன்னொன்று இருக்கிறது, கன்று போட்டு இரண்டு மாதம், பத்து லிட்டர். நாளைக்கே எடுக்கச் சொல்கிறேன். தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், அதுவும் தவிட்டில் கலந்து. தவிடு நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. அதைத் தொடர்ந்திருந்தால் வந்திருக்காதா?

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (திங்கள், காலை 6:00)

மூட்டையில் மக்னீசியம் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். 5 சதவீதம் என்றால் 50 கிராமில் இரண்டரை கிராம்தான். சாதாரண நாளுக்குச் சரி, இந்த மாதிரி புல்லுக்குப் பத்தாது. இப்போதைக்குத் தேவை மக்னீசியம் ஆக்சைடு, ஒரு பசுவுக்குத் தினம் 50 முதல் 60 கிராம். அதில் பாதிக்கு மேல் மக்னீசியம், அதாவது 30 கிராமுக்குப் பக்கம். தாய்ச் செம்மறிக்கு 7 கிராம் போதும். சுண்ணாம்பு மாதிரி இருக்கும், மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தவிட்டில் வெல்லப்பாகு விட்டுப் பிசைந்து இரண்டு வேளையாகக் கொடுங்கள். எப்சம் உப்பை இதற்குப் பதிலாகத் தினமும் கொடுத்தால் பேதிதான் ஆகும்.

கூடவே கல்லுப்பு 30 கிராம். அகத்தி, வேலிமசால் இருந்தால் ஒரு கட்டு. பயறு இனத் தழையில் புல்லைவிட மக்னீசியம் அதிகம். ஒரு நாள் கொடுத்துவிட்டு மூன்று நாள் விட்டால் கொடுக்காத மாதிரிதான், முன்பே சொன்னேன், உடம்பு சேமிக்காது. புல் முற்றி, தவிடும் வைக்கோலும் பழையபடி ஆகும்வரை தொடருங்கள்.

---

வெண்ணாற்றுக்கரை (வியாழன், மாலை 6:30)

இரண்டாவது மாட்டின் ரத்த முடிவு வந்தது. மக்னீசியம் 100 மில்லிக்கு 1.3 மில்லிகிராம். கால்சியம் சரியாக இருக்கிறது. மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கறக்கும்போது கையை வைத்தால் தோல் ஓடுகிறது, போன வாரமே இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

விழுந்த மாடு சனிக்குப் பிறகு விழவில்லை. பால் 12இல் இருந்து 7க்கு இறங்கிவிட்டது. ஆக்சைடு பவுடர் தஞ்சாவூரில் போய் வாங்க வேண்டியதாயிற்று, பக்கத்தில் எந்தக் கடையிலும் இல்லை. முதல் நாள் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது, வெல்லத்தை இரண்டு மடங்காக்கியதும் நக்கிவிட்டது.

---

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் (வியாழன், இரவு 7:15)

1.8க்குக் கீழே குறைவு என்று கணக்கு. ஒன்றுக்குப் பக்கம் இறங்கினால் விழும். 1.3 என்றால் வாசற்படியில் நிற்கிறது. அதற்கும் இன்று ராத்திரியே 60 கிராம் ஆரம்பியுங்கள். லாரி ஏற்றுவது, சினை ஊசிக்கு ஓட்டிப் போவது எல்லாம் பத்து நாள் தள்ளிப் போடுங்கள்.

விழுந்ததற்குப் பால் பழைய அளவுக்கு இந்த ஈற்றில் வருமா என்பதைச் சொல்ல முடியாது.

---

பாசன வாய்க்கால் (வியாழன், இரவு 8:10)

சரி, 1.3ஐ ஒப்புக்கொள்கிறேன். அது புல்லாலா, நாலு நாள் அரைப்பட்டினியாலா என்பது மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தப் புல்லைச் சோதனைக்கு அனுப்பியிருக்கலாம்.

---

வெண்ணாற்றுக்கரை (வியாழன், இரவு 8:40)

அந்த மூலையை அறுத்து வரப்பில் போட்டுவிட்டேன் அண்ணே, மழையில் அழுகிக்கொண்டிருக்கிறது. அடுத்த அறுப்பு 45 நாள் ஆன பிறகுதான். அப்போது ஒரு கட்டு எடுத்து வைக்கிறேன். கால்வாயை நேற்றே வாழைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

---

வாழைக்கொல்லை (வியாழன், இரவு 8:55)

வாழைக்குப் பொட்டாஷ் நிறையவே வேண்டும். உங்கள் மாட்டுக்கு ஆகாதது எனக்கு ஆகும், பக்கத்தில் இருந்தால் என் கொல்லைக்கே விடச் சொல்லியிருப்பேன்.